பஞ்ச் உடையாமல் தலைப்பு வைப்பது எப்படி? தீபாவளி ஓப்பன் ஹவுஸ் ஸ்கெட்ச்

செந்தூல்காரன்

வணக்கம் மக்களே. நாங்கள் நாலு பேர், வேலை முடிந்த பிறகு சின்னச் சின்ன காமெடி ஸ்கெட்ச் எடுத்து யூடியூபில் போடுகிறோம். போன வாரம் போட்ட ஒன்றில் தலைப்பால் மாட்டிக்கொண்டேன். முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன், இங்கே மறைத்துப் பயனில்லை.

புதுசாகக் கல்யாணமான ஜோடி. கெப்போங் பக்கம் டெரஸ் வீடு, குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முதல் தீபாவளி ஓப்பன் ஹவுஸ். முதல் ஆளாக ஓர் அங்கிள் வருகிறார். கணவன் அவரை மனைவியின் மாமா என்று நினைக்கிறான். மனைவி, கணவனின் பெரியப்பா என்று நினைக்கிறாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒருவர் முறுக்கைத் திணிக்கிறார், இன்னொருவர் மட்டன் பெரட்டலை வைக்கிறார். கடைசியில் பாட்டி வந்து உட்கார்ந்து, "தம்பி, நீங்க மாப்பிள்ளை பக்கமா, பொண்ணு பக்கமா?" என்று கேட்கிறார். அவர் மென்று விழுங்கிவிட்டு, "பக்கத்து வீடு. உங்க மைவிதான் என் கேட்டை மறைச்சு நிக்குது" என்கிறார். வெளியே அவர் மனைவி வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். அதோடு முடிகிறது.

மொத்தம் 3:12 நிமிடம், பஞ்ச் 2:49-ல். நான் வைத்த தலைப்பு இது:

```
Open House-க்கு வந்த பக்கத்து வீட்டு அங்கிள் 😂 Tamil Comedy
```

போட்ட இரண்டாம் நாள்தான் உறைத்தது. யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் கிராஃப் 0:50 பக்கம் சறுக்குகிறது, 2:45-ல் திடீரென்று மேடு கட்டுகிறது. "பக்கத்து வீடு" என்பதை எடுத்துவிட்டால் தலைப்பில் ஒன்றுமே மிஞ்சவில்லை. "ஒரு அங்கிள் வந்தார்" என்று வைத்தால் யார் தேடிக் கண்டுபிடிப்பார்கள்? தலைப்பும் கீழே போடும் கேப்ஷனும் சிரிக்க வைக்க வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும், முடிவையும் சொல்லக்கூடாது. மூன்றும் சேர்ந்து வருமா?

---

தேதாரிக்

தம்பி, ரொம்ப யோசிக்கிறீர்கள். மக்கள் எதைத் தேடுகிறார்களோ அதை முன்னால் போடுங்கள். இப்படி:

```
Tamil Comedy Malaysia | Deepavali Special | Twist at the end!! Wait for it
```

அப்புறம் டிஸ்கிரிப்ஷனில் நாற்பது, ஐம்பது ஹேஷ்டேக். சிரிப்பெல்லாம் வீடியோவுக்குள் இருக்கிறதே, தலைப்பில் எதற்கு? ஆளைக் கடைக்குள் கொண்டுவருவதுதான் தலைப்பின் வேலை.

---

வசனவரி

கேப்ஷன் பிரச்சினை எல்லாருக்கும் இருக்கிறது, நல்ல கேள்வி. நான் பத்து வருடமாக வசனவரி போடுகிறேன். நீங்கள் செய்திருக்கும் தப்பு என்னவென்று பார்க்காமலே சொல்வேன். பாட்டியின் கேள்வியையும் அங்கிளின் பதிலையும் ஒரே கார்டில் போட்டிருப்பீர்கள். பாட்டி கேட்டு முடிப்பதற்குள் பார்ப்பவர் பதிலைப் படித்துவிடுவார். கண் காதைவிட வேகம். அந்த அங்கிள் மென்று விழுங்கும் ஒன்றரை நொடிதான் உங்கள் காமெடியே. அந்த நேரம் திரை காலியாக இருக்க வேண்டும்.

```
41
00:02:44,300 --> 00:02:47,100
நீங்க மாப்பிள்ளை பக்கமா, பொண்ணு பக்கமா?

42
00:02:48,900 --> 00:02:50,000
பக்கத்து வீடு.

43
00:02:50,300 --> 00:02:52,800
உங்க மைவிதான் என் கேட்டை மறைச்சு நிக்குது.
```

"பக்கத்து வீடு" தனிக் கார்டு. மைவி அடுத்த கார்டு. இரண்டையும் சேர்த்தால் முதல் சிரிப்பு வருவதற்குள் இரண்டாவது வந்து அதை மிதித்துவிடும்.

---

செந்தூல்காரன்

அக்கா, நான் கேட்டது வீடியோவுக்குக் கீழே எழுதும் கேப்ஷனை. ஆனால் போய்ப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியேதான் ஒரே கார்டில் கிடக்கிறது. பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள்? இன்றிரவே பிரித்துவிடுகிறேன்.

---

வசனவரி

ஓ, அந்தக் கேப்ஷனா! மன்னிக்கணும். இருந்தாலும் எழுதியதை அழிக்க மாட்டேன், இதுவும் பஞ்சை உடைக்கிற இடம்தானே. இன்னொன்று. மலாய் வசனவரி போடும் எண்ணம் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மலாயில் "செபெலா" என்றால் பக்கமும்தான், பக்கத்திலிருப்பதும்தான். "செபெலா சுவாமியா, செபெலா இஸ்திரியா?" என்று பாட்டி கேட்டால் "செபெலா ரூமா" என்று அவர் சொல்லலாம். சிலேடை அப்படியே உட்காரும். இப்படி அமைவது அபூர்வம்.

---

டைம்லைன் அக்கா

செந்தூல்காரன், கிராஃப் சொல்வதை முதலில் சரியாகப் படிப்போம். 0:50-ல் என்ன காட்சி?

---

செந்தூல்காரன்

கணவன் சமையலறைக்கு வந்து "உன் மாமா செம்மயா சாப்பிடுறாரு" என்கிறான். அவள் "என் மாமாவா? உங்க பெரியப்பான்னு நினைச்சேன்" என்கிறாள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

---

டைம்லைன் அக்கா

அப்படியானால் நோய் புரிந்துவிட்டது. அந்த இடத்தில்தான் பார்ப்பவர் மனதில் "பிறகு யார் இவர்?" என்ற கேள்வி முளைக்க வேண்டும். உங்கள் தலைப்பு அவர் யார் என்று முன்னாலேயே சொல்லிவிட்டது. கேள்வி முளைக்காமல் போனதால் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். மீதியில் சிலர் கடைசியில் என்ன ஆகிறதென்று மட்டும் பார்க்கத் தாவியிருக்கிறார்கள், அதுதான் 2:45 மேடு. பஞ்ச் நன்றாக இருந்து ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் மேடு வரும். ஆனால் முன்னால் அந்தச் சறுக்கல் இருக்காது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

தேதாரிக் அண்ணன் சொன்னதில் பாதி சரி. மக்கள் தட்டச்சு செய்யும் சொற்கள் தலைப்பில் இருந்தே ஆக வேண்டும். நம் ஊரில் தமிழ் எழுத்தில் தேடுபவர்கள் குறைவு. deepavali open house comedy என்று ரோமன் எழுத்தில்தான் தட்டுகிறார்கள். உங்கள் சேனலில் டிராஃபிக் சோர்ஸ் பகுதிக்குள் யூடியூப் தேடல் என்பதை அமுக்கினால், என்ன தேடி வந்தார்கள் என்று சொல்லுக்குச் சொல் காட்டும். அதை எடுத்துப் பாருங்கள்.

ஆனால் அண்ணன் வைத்த வரிசை தலைகீழ். போனில் நீளமான தலைப்பு நடுவிலேயே வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்டால் கண்ணில் படுவது Tamil Comedy Malaysia மட்டும்தான். தேடல் பட்டியலில் மேலேயும் கீழேயும் இருக்கிற பத்து வீடியோவும் அதையேதான் சொல்லும். அடையாளம் முன்னால், தேடல் சொல் பின்னால். தேடல் சொல் வெட்டுப்பட்டாலும் யூடியூபுக்கு அது தெரியும். மனுஷன் கண்ணுக்குத் தெரிய வேண்டியது அடையாளம்.

ஐம்பது ஹேஷ்டேக் வேண்டவே வேண்டாம். அறுபதைத் தாண்டினால் யூடியூப் எல்லாவற்றையுமே கண்டுகொள்ளாது. அதற்குக் கீழே இருந்தாலும் பார்க்க அசிங்கம். மூன்று போதும்.

---

தேதாரிக்

சரி, ஹேஷ்டேக்கை விட்டுவிடுகிறேன். ஆனால் "கடைசியில் டுவிஸ்ட்" என்று போட்டால் கடைசி வரை பார்ப்பார்கள் இல்லையா? கிராஃப் சறுக்காதே.

---

டைம்லைன் அக்கா

பார்ப்பார்கள் அண்ணே, போலீஸ்காரர் மாதிரி பார்ப்பார்கள். டுவிஸ்ட் இருக்கிறது என்று சொன்ன நிமிடமே ஒவ்வொரு ஷாட்டிலும் துப்புத் தேடுவார்கள். உங்கள் அங்கிள் முதல் ஷாட்டில் கையில் கார் சாவியோடு நிற்கிறார் என்றால் 0:20-லேயே பிடித்துவிடுவார்கள். முடிவைச் சொல்லாவிட்டாலும், முடிவில் ஏதோ இருக்கிறது என்று சொல்வதே பாதி உடைத்த மாதிரிதான். திகில் கதைக்கு அது ஓடலாம். காமெடியில் ஆள் அசந்திருந்தால்தான் சிரிப்பு வரும்.

---

செந்தூல்காரன்

சாவியோடுதான் நிற்கிறார்.

---

பட்டர்வொர்த் பாலன்

எனக்கு நேர் எதிர் பிரச்சினை, இங்கேயே கேட்டுவிடுகிறேன். பினாங்கில் நாசி கண்டார் கடையில் ஒரு ஸ்கெட்ச் எடுத்தோம். டயட்டில் இருக்கும் ஆள் "சோறு கொஞ்சமா" என்று ஆரம்பித்து, ஆட்டிறைச்சி, மீன் முட்டை, இறால் என்று ஏற்றிக்கொண்டே போய், எல்லாவற்றின் மேலும் குழம்பைப் பஞ்சிராக ஊற்றச் சொல்லி, கடைசியில் "தே ஓ கொசோங், டயட்" என்கிறான். முடிவு தெரியக்கூடாதென்று பயந்து "அடப்பாவி!" என்று தலைப்பு வைத்தேன். என் அம்மா தேடிப் பார்த்துவிட்டு, "நீ போட்டது எதுடா, இதில் நூறு அடப்பாவி இருக்கு" என்று போன் செய்தார். கடைசியில் லிங்க் அனுப்பித்தான் பார்த்தார்.

---

டைம்லைன் அக்கா

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான். ஸ்கெட்சில் நிலைமை என்று ஒன்று இருக்கிறது, திருப்பம் என்று ஒன்று இருக்கிறது. தேடுபவர்கள் எப்போதும் நிலைமையைத்தான் தேடுவார்கள். ஓப்பன் ஹவுஸ், நாசி கண்டார், டயட், சொந்தக்காரர்கள், இதெல்லாம் நிலைமை. திருப்பத்தை யாரும் தேட முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு அது இன்னும் தெரியாது. அதனால் தேடல் சொற்களை நிலைமையிலிருந்து எடுத்தால் பஞ்ச் உடைய வழியே இல்லை. செந்தூல்காரன் திருப்பத்திலிருந்து எடுத்தார். பாலன் இரண்டிலிருந்தும் எடுக்கவில்லை.

பாலன், உங்களுடையது எளிது. "சோறு கொஞ்சமா" என்பது அவன் பேசும் முதல் வசனம், எதையும் உடைக்காது. அதை முன்னால் வைத்து, பின்னால் Nasi Kandar Tamil Comedy என்று சேருங்கள். comedy என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வெறும் nasi kandar penang என்று தேடுபவருக்கு வேண்டியது எந்தக் கடை நல்ல கடை என்பது. அவர் உங்கள் வீடியோவைத் திறந்து பத்து நொடியில் மூடுவார், அது உங்களுக்குத்தான் கெடுதல்.

---

பழைய வானொலி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒரு காலத்தில் வானொலிக்கு நகைச்சுவை நாடகம் எழுதியவன். முடிவு தெரிந்தால் சிரிப்பு போய்விடும் என்பது இந்தக் காலத்துப் பயம். 1989-ல் வந்த கரகாட்டக்காரன் படத்து வாழைப்பழக் காமெடியை நம்மில் யார் ஐம்பது முறைக்குக் குறைவாகப் பார்த்திருக்கிறோம்? கவுண்டமணி என்ன கேட்பார், செந்தில் என்ன சொல்வார் என்று வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் சிரிக்கிறோம். நடிப்பு நன்றாக இருந்தால் பஞ்ச் தெரிந்தாலும் பரவாயில்லை.

---

டைம்லைன் அக்கா

ஐயா, நீங்கள் சொன்ன உதாரணம்தான் எனக்கு வேண்டியது. அந்தக் காமெடிக்கு ஜனங்கள் வைத்த பெயரைப் பாருங்கள். வாழைப்பழக் காமெடி. அதில் ஜோக்கின் முடிவு இருக்கிறதா? இல்லை. ஒரு பொருள் மட்டும் இருக்கிறது. பார்க்காதவனுக்கு அது ஒன்றும் சொல்லாது, பார்த்தவனுக்கு முழுக் காட்சியும் கண் முன்னால் வரும். நம் ஆட்கள் காமெடிக்குப் பெயர் வைப்பதே இப்படித்தான், பொருளைச் சொல்லிப் பின்னால் காமெடி என்று ஒட்டுவார்கள்.

அதனால் செந்தூல்காரன், உங்கள் ஸ்கெட்சில் வாழைப்பழம் எது என்று கண்டுபிடியுங்கள். பஞ்சில் வராத பொருளாக இருக்கணும். ஆனால் திரையில் அடிக்கடி தெரியணும். சொன்னாலே லேசாகச் சிரிப்பும் வரணும்.

---

வசனவரி

முறுக்கு!

---

பட்டர்வொர்த் பாலன்

முறுக்கேதான். முறுக்கு அங்கிள்.

---

டைம்லைன் அக்கா

நானும் அதைத்தான் நினைத்தேன். இதில் இன்னொரு அழகு இருக்கிறது. அவர் உண்மையைச் சொல்ல முடியாமல் போனதே வாயில் முறுக்கு இருந்ததால்தான். முதல் தடவை படிக்கும்போது அது வெறும் தீபாவளிப் பலகாரம், பார்த்து முடித்தபின் அதுதான் காரணம். கவனமும் அவர் யார் என்பதிலிருந்து அவர் சாப்பிடுவதன் பக்கம் போய்விடும்.

```
முறுக்கு அங்கிள் | Deepavali Open House | Tamil Comedy Malaysia
```

யூடியூபில் தலைப்புக்கு 100 எழுத்துதான் வரம்பு. தமிழில் இதைக் கவனித்துச் செய்யுங்கள். முறுக்கு என்பது நமக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டருக்கு எட்டு, ஏனென்றால் ஒவ்வொரு உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. "முறுக்கு அங்கிள்" இடைவெளியோடு சேர்த்துப் பதினாறு ஆகும். மேலே உள்ள முழுத்தலைப்பும் 63 தான், கவலையில்லை. முழுக்கத் தமிழிலேயே நீளமாக எழுதினால் வரம்பு சீக்கிரம் முட்டும்.

---

தேதாரிக்

அப்படியே "யார் இந்த முறுக்கு அங்கிள்?" என்று கேள்வியாகப் போட்டால் இன்னும் இழுக்குமே?

---

டைம்லைன் அக்கா

இழுக்கும், உடைக்கவும் செய்யும். ஆனால் என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பார்க்கட்டும். செந்தூல்காரன், வீடியோ பார்க்காத ஆட்களிடம் தலைப்பையும் தம்ப்நெயிலையும் மட்டும் காட்டி, "இது எப்படி முடியும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். யாராவது சரியாகவோ பக்கத்திலோ சொன்னால் அந்தத் தலைப்பு வேண்டாம். தெரியவில்லை என்று சொன்னால் பரவாயில்லை. தைரியமாகத் தப்பாகச் சொன்னால் அதுதான் வேண்டியது.

தம்ப்நெயிலில் சாவி இருக்கக்கூடாது. வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் ஒட்டிக்கொள்ளும், அங்கே முறுக்கை வைத்தால் மறைந்துவிடும். தலைப்பில் உள்ள சொல்லையே படத்திலும் எழுதாதீர்கள். வாய் நிறைய முறுக்கோடு விழிக்கும் முகம் போதும்.

---

செந்தூல்காரன்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். சோதனை செய்துவிட்டேன்.

"யார் இந்த முறுக்கு அங்கிள்?" என்பதை என் தங்கையிடம் காட்டினேன். யோசிக்கவே இல்லை. "வீடு மாறி வந்துட்டாரா?" என்றாள். கிட்டத்தட்டப் பிடித்துவிட்டாள். கேள்விக்குறி போட்டதும் அவள் புத்தி அந்த ஒரு இடத்துக்கே போய்விட்டது. "முறுக்கு அங்கிள் | Deepavali Open House" என்பதை மாமியாரிடம் காட்டினேன். "எல்லா முறுக்கையும் அவரே தின்னுட்டுப் போயிடுவாரு, அதானே" என்றார். ஆபீஸில் ஒருவர், "முறுக்கு கடிச்சுப் பல்லு போயிடுமா?" என்று கேட்டார். இரண்டும் தப்பு. எனக்கு ஒரே சந்தோஷம்.

பழைய தலைப்பைத் தூக்கிவிட்டேன். இப்போது கேப்ஷன். இதுவரை எழுதியது:

"தீபாவளிக்கு அழையாத விருந்தாளி வந்தால் என்ன நடக்கும்? 😂 பாருங்கள், சிரியுங்கள், பகிருங்கள்!"

---

டைம்லைன் அக்கா

"அழையாத விருந்தாளி" என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே தம்பி. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதை.

கேப்ஷன் எழுதும்போது நீங்கள் டைரக்டராக உட்கார்ந்து எழுதுகிறீர்கள், முடிவு தெரிந்த ஆள். எவ்வளவு மறைத்தாலும் கசியும். ஸ்கெட்சுக்குள் முடிவு தெரியாத ஆள் ஒருவர் இருப்பாரே, அவர் வாயால் எழுதுங்கள். 0:30-ல் அந்த மனைவி என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? தன் விருந்தோம்பலைப் பற்றிப் பெருமையாகத்தானே?

"எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பிடாமல் போக விடமாட்டோம்."

இது முடிவைச் சொல்லவில்லை, பொய்யும் இல்லை. பார்த்து முடித்தவர் திரும்ப வந்து இதைப் படித்தால் இன்னொரு தடவை சிரிப்பார்.

---

வசனவரி

யார் வந்தாலும்! அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அருமை அக்கா.

---

பழைய வானொலி

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் என் நாடகம் ஒன்றுக்கு அறிவிப்பாளர் முன்னுரை சொல்லும்போதே "மாறுவேடத்தில் வந்த மாமனார் கலகலப்பு" என்று சொல்லி, இருபது நிமிட நாடகத்தை இரண்டு நொடியில் முடித்துவைத்தார். அந்த மாமனார் சொல்லியிருந்தால் "நான் ஒன்றும் தெரியாத வேலைக்காரன்" என்றல்லவா சொல்லியிருப்பார்.

---

டைம்லைன் அக்கா

ஐயா, அதேதான்.

செந்தூல்காரன், அந்த வரி டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியாக இருக்கட்டும். நம் ஊரில் இந்த மாதிரி வீடியோ பரவுவது குடும்ப வாட்சாப் குரூப்பில்தான். லிங்கைப் போட்டால் படம், தலைப்பு, சில நேரம் டிஸ்கிரிப்ஷனின் தொடக்கமும் சேர்ந்தே தெரியும். அங்கே நீங்கள் முடிவை எழுதியிருந்தால் வீடியோவைத் திறப்பதற்கு முன்பே சித்தப்பா படித்துவிடுவார். ஏற்கனவே பழைய தலைப்போடு அனுப்பிய செய்திகள் மாறாது, அனுப்பியபோது எடுத்த படம்தான் நிற்கும். அந்தக் குரூப்பில் திரும்பப் பகிரச் சொல்லுங்கள்.

டிக்டாக், இன்ஸ்டாவில் தனித் தலைப்பு கிடையாது. இந்த வரியே முதலில் வரணும், தேடல் சொற்கள் அதற்குப் பிறகு. ஷார்ட்ஸாக வெட்டிப் போட்டால் இன்னும் ஜாக்கிரதை. வீடியோ ஓடும்போதே தலைப்பு கீழே நின்றுகொண்டிருக்கும், பார்ப்பவர் பஞ்சுக்குக் காத்திருக்கும் நேரம் முழுக்க அதைப் படித்துக்கொண்டே இருப்பார்.

---

பட்டர்வொர்த் பாலன்

அக்கா, ஒரு சந்தேகம். பார்த்துவிட்டு இரண்டு வாரம் கழித்து நண்பனுக்குக் காட்டத் தேடுகிறவன் முறுக்கு என்றா தட்டுவான்? "அந்த மைவி காமெடி" என்றுதானே தட்டுவான்? அவனுக்கு என்ன வழி?

---

டைம்லைன் அக்கா

நல்ல கேள்வி, எனக்கே முழுப் பதில் இல்லை. டேக் பெட்டியில் போடலாம், பார்ப்பவர் கண்ணில் படாது. ஆனால் டேக்கால் பெரிய பயன் இல்லை, எழுத்துப்பிழையோடு தேடுபவர்களுக்குத்தான் அது உதவும் என்று யூடியூபே சொல்கிறது. அதனால் muruku, murukku, deepawali மாதிரி வகைகளை அங்கே போடுங்கள்.

மைவிக்கு நான் செய்வது வேறு. டிஸ்கிரிப்ஷனின் அடியில் பெயர்ப் பட்டியல் வருமே, கேமரா, எடிட்டிங், இடம் கொடுத்தவர் என்று. அதில் ஒரு வரி சேர்ப்பேன்: "வெள்ளை Myvi: ஒளிப்பதிவாளரின் அக்கா." பார்க்காதவர் அவ்வளவு தூரம் இறங்க மாட்டார். இறங்கினாலும் கார் யாருடையது என்பதில் ஒன்றும் தெரியாது. தேடுபவருக்குச் சொல் இருக்கிறது. ஆனால் அங்கே வெறும் சொற்களை மூட்டையாகக் கொட்டாதீர்கள், யூடியூப் அதைக் குப்பையாக எடுத்துக்கொள்ளும், விதிமீறலும்கூட.

---

தேதாரிக்

இதற்கு என் வழி சுலபம். ஒரு மாதம் கழித்துத் தலைப்பையே "மைவி அங்கிள்" என்று மாற்றிவிடலாம். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருப்பார்கள். தலைப்பை மாற்றினால் லிங்க் மாறாது, பார்வை எண்ணிக்கையும் போகாது. ஐயா சொன்ன மாதிரி, பிரபலமான காமெடியை முடிவு தெரிந்தும் பார்ப்பார்கள்.

---

டைம்லைன் அக்கா

எனக்கு மனசு வரவில்லை அண்ணே. அடுத்த தீபாவளிக்குத் திரும்பத் தேடப்படும் வீடியோ இது. அப்போது வருபவர் முதல் தடவை பார்ப்பவர்தான். வருடா வருடம் புது ஆட்கள் வரும் ஸ்கெட்சுக்கு முறுக்கே இருக்கட்டும்.

---

பழைய வானொலி

நான் தேதாரிக் கட்சி. மக்கள் தாங்களே "மைவி அங்கிள்" என்று கூப்பிட ஆரம்பித்தால் அதைத் தடுக்க நாம் யார்?

---

வசனவரி

மக்கள் கூப்பிட ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் ஐயா. நாம் முந்திக்கொண்டு கூப்பிட வேண்டாம்.

---

செந்தூல்காரன்

ஒரு வாரம் ஆகிறது, நிலவரம் சொல்கிறேன். புதுத் தலைப்பு, புது தம்ப்நெயில், அந்த "யார் வந்தாலும்" வரி, பிரித்த வசனவரி, எல்லாம் போட்டாயிற்று. தேதியை மாற்றி மாற்றி வைத்து இரண்டு வாரத்தையும் பார்த்தேன். 0:50 சறுக்கல் இன்னும் இருக்கிறது, ஆனால் முன்பு போல் செங்குத்தாக இல்லை. 2:45 மேடு அப்படியே நிற்கிறது. ஒரே நேரத்தில் நாலையும் மாற்றியதால் எது வேலை செய்தது என்று தெரியவில்லை, அது என் தப்பு. தேடல் சொற்களில் murukku comedy என்று ஒன்று புதுசாக வந்திருக்கிறது. சின்ன எண்தான், ஆனால் அது நாங்கள் வைத்த பெயர்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். கமெண்டில் முதலில் நிற்பது இது: "பக்கத்து வீடு 😂😂😂 சூப்பர்". அதற்குத்தான் லைக்கும் அதிகம். என் போனில் வீடியோவுக்குக் கீழேயே அந்தக் கமெண்ட்தான் தெரிகிறது.

---

டைம்லைன் அக்கா

நீங்களே ஒரு கமெண்ட் எழுதி அதைப் பின் செய்யுங்கள், உங்களுடையது மேலே போய்விடும். "உங்கள் வீட்டில் யாருக்கு அதிக முறுக்கு?" மாதிரி ஏதாவது. ஜனங்கள் அதற்குப் பதில் எழுத ஆரம்பிப்பார்கள். அந்தப் பழைய கமெண்டை மறைத்தும் விடலாம்.

---

செந்தூல்காரன்

பின் செய்துவிட்டேன். மறைக்க முடியாது அக்கா. அதைப் போட்டது என் சித்தி. மட்டன் பெரட்டல் சமைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.